வீடு அம்மாவுக்கா, எங்களுக்கா?

"உயிலில் ‘என் மனைவி ஆயுள் வரை அனுபவித்து, பின் என் இரு மகன்களும் சமமாக அடைய வேண்டியது’ என்றிருக்கிறது. மாமா நிர்வாகியாம். வீடு யாருக்கு?"

அம்மாவுக்கு ஆயுள்வரை குடியிருக்கவும் வாடகை பெறவும் உரிமை; அவருக்குப் பின் உங்கள் இருவருக்கும் ஆளுக்குப் பாதி. மாமாவுக்குச் சொத்தில் பங்கில்லை. கடன்களை அடைத்து, மீதியை உயிலின்படி ஒப்படைப்பதே அவர் பொறுப்பு.

ஒரே பத்தியில் அம்மாவும் மகன்களும் சேர்ந்து வருவதே குழப்பத்துக்குக் காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு பத்திக்கும் ‘யாருக்கு, எது, எதுவரை’ என்று எழுதிக்கொண்டு, அம்மாவின் பெயருக்கு அருகில் ‘சர்வ சுதந்திரமாய்’ என்றோ ‘விற்க, அடமானம் வைக்க உரிமையில்லை’ என்றோ உள்ளதா என்று பாருங்கள். முந்தையது இருந்தால் என் பதிலே மாறிவிடும்.

நீங்கள் இந்துக்களானால் இன்னொன்று: அம்மாவின் ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாக வீடு எழுதப்பட்டிருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14(1) பிரிவுப்படி அது அவருக்கே முழு உரிமையாகலாம். ஆகவே வழக்கறிஞரிடம் முழு உயிலையும் காட்டாமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள்.