16 பிட் மாட்யூல் வாங்கும் முன் உங்கள் புரோகிராமில் ஒரு வரியைப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் செய்த முட்டை இன்குபேட்டருக்கு ஆர்டுயினோ ஊனோவும் LM35 வெப்பநிலை சென்சாரும் போட்டிருக்கிறேன். 16 ரீடிங் எடுத்து 16-ஆல் வகுத்தும் 37.1 இல்லாவிட்டால் 37.6 தான் காட்டுகிறது, நடுவில் எதுவும் வருவதில்லை. கடைக்காரர் 16 பிட் மாட்யூல் வாங்கச் சொல்கிறார். வாங்கட்டுமா?

வேண்டாம். 16-ஆல் வகுத்தீர்கள் பாருங்கள், அந்த நடு மதிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொலைந்து போயிருக்கிறது.

ஊனோ 5 வோல்ட்டை 1024 படியாக வெட்டுகிறது, ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். LM35 டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தருவதால் ஒரு படி கிட்டத்தட்ட அரை டிகிரி. 37.5-இல் வருவது 375 மில்லிவோல்ட், அது 76-ஆம் படிக்கும் 77-க்கும் நடுவில் நிற்கிறது. இரைச்சலால் ரீடிங் ஒருமுறை 76, ஒருமுறை 77 என்று தடுமாறும், எது எத்தனை தடவை வருகிறது என்பதில்தான் நீங்கள் தேடும் நடு மதிப்பு ஒளிந்திருக்கிறது. 16-இல் 12 முறை 77, 4 முறை 76 என்றால் கூட்டுத்தொகை 1228. அதை int-இல் 16-ஆல் வகுத்தால் 76 வரும், மீதியான முக்கால் குப்பைக்குப் போய்விடும். 4-ஆல் மட்டும் வகுங்கள்: 307. இப்போது அளவுகோல் 1024 இல்லை, 4096. கணக்குப் போட்டால் 37.5. ஒவ்வொரு கூடுதல் பிட்டுக்கும் நான்கு மடங்கு ரீடிங் வேண்டும், ஆனால் வகுப்பது இரண்டு மடங்கால்தான். கல்லூரிகளில் இந்த 4 மடங்கு சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள், எண் தடுமாறினால்தான் அது வேலை செய்யும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை, வைவாவில் கேட்பதும் இல்லை.

அதனால் முதலில் சராசரி எதுவும் இல்லாமல் 200 ரீடிங்கை சீரியல் மானிட்டரில் ஓட விடுங்கள். எல்லாமே 77 என்றால் ஆயிரம் எடுத்துச் சராசரி போட்டாலும் 77 தான். அப்போது `analogReference(INTERNAL)` போடுங்கள். 1.1 வோல்ட்டை 1024 ஆக வெட்டும்போது படி 0.1 டிகிரியாகச் சுருங்கிவிடும், 5 வோல்ட்டில் தெரியாத தடுமாற்றமும் பெரும்பாலும் தெரிய ஆரம்பிக்கும். மாற்றிய பிறகு வரும் முதல் சில ரீடிங்குகளைத் தூக்கிப் போடுங்கள். அப்போதும் எண் அசையவில்லையா, விட்டுவிடுங்கள், முட்டைக்கு 0.1 டிகிரி படியே தாராளம்.

இன்னொன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பெட்டிக்குள் ஹீட்டரோ பல்போ மெயின்ஸில் ஓடும், பக்கத்திலேயே சென்சார் ஒயரும் போகும். அந்த ஒயரில் ஏறும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் தற்செயலாக வருவதில்லை, அலை மாதிரி ஏறி இறங்குகிறது. ஒரு முழு அலைக்கு 20 மில்லிசெகண்ட். நீங்கள் 16 ரீடிங்கை இரண்டு மில்லிசெகண்டுக்குள் முடித்துவிடுகிறீர்கள், ஆக பதினாறும் அலையின் ஒரே மூலையில் விழும். ஒரு தடவை மேட்டில், அடுத்த தடவை பள்ளத்தில். சராசரி அழகாக வரும், ஆனால் தப்பாக வரும், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி தப்பாக. ரீடிங்குகளை ஒரு முழு அலைக்குப் பரப்பினால் மேடும் பள்ளமும் கழிந்துபோகும். ஊனோவில் ஒரு `analogRead` சுமார் 112 மைக்ரோசெகண்ட் எடுக்கும், நடுவில் 200 விட்டால் 64 ரீடிங் ஏறக்குறைய 20 மில்லிசெகண்ட். இது `analogReference(INTERNAL)` போட்ட பிறகான கணக்கு, 5 வோல்ட்டிலேயே இருந்தால் 110.0 இடத்தில் 500.0 போடுங்கள்:

```
unsigned long s = 0;
for (byte i = 0; i < 64; i++) {
  s += analogRead(A0);
  delayMicroseconds(200);
}
float t = (s >> 3) * 110.0 / 8192;
```

`s`-ஐ int ஆக வைக்காதீர்கள். ஊனோவில் int 32767-ஐத் தாண்டினால் மைனஸில் போய்விடும். அந்த 110.0 சிப்புக்குச் சிப்பு மாறும் (உள் ரெஃபரன்ஸ் 1.0 முதல் 1.2 வோல்ட் வரை எதுவாகவும் இருக்கலாம்), அதனால் ஒரு நல்ல தெர்மாமீட்டரைப் பக்கத்தில் வைத்து ஒரு தடவை சரிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் காட்டுவது வெறும் அலங்காரம்தான். சராசரியால் படி சிறிதாகுமே தவிர, சென்சாரின் பிழை அப்படியேதான் இருக்கும்.

அப்புறம் அந்த 16 பிட் மாட்யூல். ADS1115 நல்ல சிப்தான், எனக்கு அதன் மேல் வருத்தம் இல்லை. ஆனால் ADS1115 என்று சொல்லி 12 பிட் ADS1015-ஐ ஒட்டிய போர்டுகள் சந்தையில் சுற்றுகின்றன. நானே ஒரு கடையில் வாங்கி ஏமாந்தேன், திருப்பிக் கொடுக்கப் போனால் "சாஃப்ட்வேர் பிரச்சினை சார்" என்றார்கள். ADS1115 லைப்ரரியிலேயே ரா எண்களை அச்சடித்துப் பாருங்கள். எல்லாமே 16-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் கீழ் நான்கு பிட்டும் எப்போதும் சுழியம், அதாவது உங்கள் கையில் இருப்பது 12 பிட். முதல் நாளே பாருங்கள், ஒரு வாரம் கழித்துப் போனால் பில் எங்கே என்று கேட்பார்கள்.