உடையும் முன் கம்பியின் வலு குறைகிறதா?

கேள்வி: வீட்டு வேலைக்கு வாங்கிய 16 மி.மீ. டி.எம்.டி. கம்பியை லேபில் இழுத்துப் பார்த்தோம். ரிப்போர்ட்டில் தகைவு, அதாவது ஒரு சதுர மி.மீ. பரப்பில் விழும் விசை, நியூட்டன் கணக்கில் இருக்கிறது: கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் ஈல்டில் 540, உச்சம் 622, உடையும்போது 498. உடையும் தகைவு ஈல்டுக்கும் கீழே போகுமா? மட்டமான கம்பியா?

பதில்: கம்பியில் குறை இல்லை. உடையும்போது விசை 100 கிலோ நியூட்டன். அதை இழுப்பதற்கு முன்பிருந்த 201 சதுர மி.மீ. பரப்பால் வகுத்ததால் 498 வந்தது. அதுதான் பொறியியல் தகைவு. ஆனால் உடைந்த இடத்தில் அப்போது அந்தப் பரப்பே இல்லை.

கம்பி நீளும்போது மெலிகிறது, கூடவே இறுகி வலுவும் ஏறுகிறது. முதலில் இறுகுவதே முந்தும். ஓரிடம் கொஞ்சம் மெலிந்தால் அந்த இடம் இறுகிக்கொள்ளும், பக்கத்து இடம் நீளும். அதனால் முழுக் கம்பியும் சீராக நீள்கிறது. போகப்போக இறுகும் வேகம் தளரும். மெலிவை ஈடுகட்ட முடியாமல் போகிற அந்தக் கட்டத்தில்தான் விசை உச்சத்தைத் தொடுகிறது. அப்புறம் ஒரே இடம் மட்டும் ஒடுங்கிக் கழுத்து விழுகிறது. மற்ற இடங்கள் அதற்குமேல் நீள்வதில்லை.

உடைந்த துண்டின் கழுத்தை வெர்னியரில் இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள். 11 மி.மீ. இருந்தால் பரப்பு சுமார் 95. ஒரு லட்சம் நியூட்டனை 95-ஆல் வகுத்தால் சுமார் 1,050. கழுத்தில் சராசரியாக இருந்த உண்மைத் தகைவு அதுதான். வலு கடைசிவரை ஏறித்தான் இருக்கிறது.

இங்கே ஒரு தவறைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பொறியியல் தகைவை ‘1 + நீட்சி’யால் பெருக்கி உண்மைத் தகைவு காண்பது உச்ச விசை வரைக்கும்தான் சரி. அங்கே நீட்சி 10 சதவீதம் என்றால் 622 × 1.1 = 684, சரி. அதே பெருக்கலை உடையும் புள்ளிக்கும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். மொத்த நீட்சி 20 சதவீதம் என்று 498 × 1.2 போட்டு 598 என்று எழுதிவிடுகிறார்கள். உச்சத்துக்குப் பின் நீண்டதெல்லாம் கழுத்தில் மட்டுமே. அதை முழு நீளத்துக்கும் பரப்பிக் கணக்குப் போட்டால் எப்படிச் சரியாகும்? கழுத்தை அளக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது, அதையும் செய்வதில்லை.

1,050 என்ற எண்ணைக் காட்டி யாராவது ‘அதிக வலுக் கம்பி’ என்று விலை கூட்டினால் நம்பாதீர்கள். வீட்டு டிசைன் ஈல்டை வைத்துத்தான் நடக்கிறது.

நீங்கள் பயப்பட வேண்டியது எடை குறைந்த கம்பிக்கு. கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1786 முறையில் பரப்பை எடையிலிருந்து கணக்கிடுகிறார்கள். ஒல்லியாக உருட்டிய கம்பிக்கு வகுக்கும் பரப்பும் குறைவதால் தகைவு பாஸாகிவிடும், தாங்கும் சுமை மட்டும் குறையும். இதைத் தெரிந்தே ‘ரிப்போர்ட் இருக்கிறதே’ என்று விற்கும் இடைத்தரகர்கள் உண்டு. எடையைப் பெரிதாக அச்சிடச் சொல்லி நாம் கேட்டு வாங்க வேண்டியிருப்பது எனக்குக் கோபம்தான். 16 மி.மீ. கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ இருக்க வேண்டும். லாரி இறங்கும்போதே ஒரு மீட்டர் வெட்டித் தராசில் வையுங்கள்.