பால் சங்கச் செயலிக்குள் இருக்கும் சாவியை மறைத்து வைக்க முடியுமா?

"எங்கள் பால் உற்பத்தியாளர் சங்கத்துக்கு ஒரு செயலி செய்து எடுத்தோம். சேகரிப்பவர் லீற்றரையும் கொழுப்பு வீதத்தையும் பதிந்தவுடன் பண்ணையாளருக்கு எஸ்.எம்.எஸ். போகும். போன மாதம் நாங்கள் அனுப்பாத செய்திகளுக்கும் காசு வெட்டுப்பட்டிருக்கிறது. செயலி செய்து தந்தவர், ஒபஸ்கேசனும் சேர்ட்டிபிகேற் பின்னிங்கும் போட்டால் ஒருத்தரும் கை வைக்க ஏலாது, அதற்கு 120,000 ரூபா என்கிறார். கொடுக்கலாமா?"
— சங்கச் செயலாளர், கிளிநொச்சி மாவட்டம்

கொடுக்காதீர்கள் ஐயா. முதலில் எஸ்.எம்.எஸ். கொம்பனியின் கணக்குக்குள் போய், செய்தி அனுப்பக் கடவுச்சொல் மாதிரிப் பாவிக்கும் ஏபிஐ சாவியை இன்றைக்கே ரத்துச் செய்யுங்கள். இரண்டொரு நாள் பண்ணையாளருக்குத் துண்டு எழுதிக் கொடுத்தால் போகிறது. பழைய சாவி உயிரோடு இருக்கும் வரைக்கும் செயலியில் என்ன பூட்டுப் போட்டாலும் காசு போய்க்கொண்டுதான் இருக்கும், ஏனென்றால் அந்தச் சாவியை எடுத்தவருக்கு இனி உங்கள் செயலியே தேவையில்லை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சாவி செயலிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது என்றுதான் படுகிறது. அதை உறுதிப்படுத்துவது சுலபம். கணினி படிக்கிற பிள்ளை ஒருவரிடம் செயலியின் ஏபிகே கோப்பைக் கொடுத்து, `jadx` என்ற இலவசக் கருவியால் பிரிக்கச் சொல்லுங்கள்.

```
jadx -d out paal.apk
grep -rniE "api_?key|secret|password|https?://" out/
```

எஸ்.எம்.எஸ். கொம்பனியின் முகவரியும் பக்கத்தில் ஒரு நீண்ட எழுத்துக்கோவையும் வந்தால் அதுதான் உங்கள் சாவி. வராவிட்டால், அந்தக் கணக்கின் கடவுச்சொல் யார் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

சரி, ஒபஸ்கேசன் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? செயலிக்குள் இருக்கும் பெயர்கள் மாறியிருக்கும். அவ்வளவுதான். மேலே இருப்பது முந்தியது, கீழே இருப்பது பிந்தியது:

```
sms.send(farmerPhone, litres, "Qm7x-41Tz-paal");
a.b(str, d, "Qm7x-41Tz-paal");
```

`farmerPhone` போய்விட்டது, சாவி அப்படியே நிற்கிறது. அன்ட்ரொய்டில் இதைச் செய்கிற R8 பெயர்களைச் சுருக்கும், பாவிக்காத பகுதியை வெட்டும், ஆனால் மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்துகளை மறைக்காது. அவற்றையும் மறைக்கிற கட்டணக் கருவிகள் உண்டு. ஆனாலும் செய்தி அனுப்பும் கணத்தில் செயலி சாவியைத் திரும்ப அவிழ்த்தே ஆக வேண்டும். அந்தக் கணத்தில் அதைப் பிடிக்க `Frida` மாதிரியான கருவிகள் இருக்கின்றன. உங்கள் கணக்கீட்டு முறையைப் படித்துப் பிரதி பண்ண வருகிறவருக்கு ஒபஸ்கேசன் நேரத்தைக் கூட்டும். இரகசியத்தைக் காப்பது அதன் வேலை அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். R8 அன்ட்ரொய்ட் ஸ்ரூடியோவுடன் இலவசமாகவே வருகிறது. `isMinifyEnabled = true` என்று ஒரு வரி, அப்புறம் செயலி உடையாமல் ஓடுகிறதா என்று ஒழுங்காகச் சோதிப்பது, அதுதான் வேலை. அதைப் "பாதுகாப்புப் பொதி" என்று தனியாகக் கட்டி விற்கிற இடைத்தரகர்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. இதற்கு இடம் கொடுப்பதும் நம்முடைய முறைதான். திட்டக் காசு தருகிறவர்களின் படிவத்தில் "ஒபஸ்கேசன்: உண்டு / இல்லை" என்று ஒரு கட்டம் இருக்கும், "உண்டு" என்று கீறியவுடன் கையெழுத்து விழும். சாவி எங்கே இருக்கிறது என்று கேட்கிற கட்டம் ஒன்றையும் நான் கண்டதில்லை.

பின்னிங் வேறு வேலை செய்கிறது. சாதாரண https இணைப்பில், நம்பிக்கைக்குரிய ஏதோ ஒரு நிறுவனம் கொடுத்த சான்றிதழ் இருந்தால் போன் சேர்வரை நம்பிவிடும். பின்னிங் போட்டால், செயலிக்குள் எழுதி வைத்த, சேர்வரின் சொந்தச் சாவிக்குரிய சான்றிதழை மட்டும்தான் நம்பும்; இது எஸ்.எம்.எஸ். சாவி அல்ல. 2011இல் டிஜிநோட்டார் என்ற நெதர்லாந்து நிறுவனத்துக்குள் புகுந்து கள்ளச் சான்றிதழ்கள் எடுத்தார்களே, அந்த மாதிரிச் சான்றிதழோடு போனுக்கும் சேர்வருக்கும் நடு வழியில் நிற்கிறவருக்கு எதிரான காவல் இது. உங்கள் சிக்கல் நடு வழியில் இல்லை. போன் யார் கையில் இருக்கிறதோ அவர் அதே `Frida`வால் பின்னிங்கைக் கழற்றிவிடலாம்.

அதோடு பின்னிங் உங்களையே கடிக்கும். லெட்ஸ் என்கிரிப்ட் தருகிற இலவசச் சான்றிதழ் வழமையாக 90 நாளுக்குத்தான். அதைப் புதுப்பிக்கிற `certbot` கருவிக்கு `--reuse-key` என்று சொல்லாவிட்டால் சேர்வரின் சாவியும் புதிதாகும். பழைய சாவியைப் பின் பண்ணி வைத்திருந்தால் ஒரு விடியற்காலை பரந்தனிலும் முழங்காவிலிலும் மாங்குளத்திலும் எல்லாப் போனும் ஒரே நேரத்தில் நின்றுவிடும், பால் கானோடு சனம் வரிசையில் நிற்கும். அடையாளம் இதுதான்: அதே போனின் பிரவுசரில் சேர்வர் முகவரி திறக்கும், செயலியில் மட்டும் திறக்காது, லொக்கில் `Certificate pinning failure!` மாதிரி ஒரு வரி இருக்கும். திருத்தம் செயலியின் புதுப் பதிப்பில்தான் வரும். சிக்னல் ஒரு கோடு காட்டுகிற இடத்தில் அதை எத்தனை பேர் இறக்குவார்கள்? அன்ட்ரொய்ட் ஆவணமே செயலிகளுக்குப் பின்னிங்கைப் பரிந்துரைக்கவில்லை. போட்டே தீர வேண்டும் என்றால், கையிருப்பில் இரண்டாவது சாவி ஒன்றையும் சேர்த்துப் பின் பண்ணி, முடிவுத் திகதியும் வைக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு வேண்டிய திருத்தம் சேர்வரில் இருக்கிறது. எஸ்.எம்.எஸ். சாவி அங்கே மட்டும் இருக்கட்டும். செயலி லீற்றரையும் கொழுப்பையும் உறுப்பினர் இலக்கத்தையும் அனுப்பினால் போதும், செய்தியைச் சேர்வர் அனுப்பும். தொகையையும் செயலி அனுப்ப வேண்டாம். 12.5 லீற்றர், லீற்றருக்கு 160 ரூபா, 2,000 ரூபா என்று சேர்வர்தான் பெருக்க வேண்டும். செயலி சொல்கிற தொகையைச் சேர்வர் அப்படியே ஏற்றுக்கொண்டால், அதைத் திருத்தி 20,000 என்று அனுப்ப ஒருவருக்குக் கனநேரம் எடுக்காது. சேகரிப்பவர் தன் நிலையத்து உறுப்பினருக்கு மட்டுந்தான் பதிய முடியும் என்பதையும் சேர்வரே பார்க்க வேண்டும்.

இதில் ஒரு விலக்கு உண்டு, வன்னியில் அது சின்ன விலக்கு அல்ல. ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளே போனால் காலையில் சிக்னலே இராது. அங்கே செயலி தானே கணக்குப் பார்த்துத் தொகையைக் காட்டத்தான் வேண்டும், பண்ணையாளர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். காட்டட்டும், ஆனால் அது "உத்தேசத் தொகை" என்று திரையிலும் துண்டிலும் இருக்க வேண்டும். எந்தத் திகதி விலைப்பட்டியலால் கணக்குப் பார்த்தது என்பதையும் பதிவோடு சேர்த்து அனுப்ப வேண்டும். சிக்னல் வந்ததும் சேர்வர் அதே பட்டியலால் திரும்பப் பெருக்கி, இரண்டும் ஒத்தால் செய்தி அனுப்பும். ஒத்துவராத பதிவை உங்கள் மேசைக்கு அனுப்பும். பட்டியல் திகதி இல்லாமல் விட்டால், விலை மாறுகிற நாளில் நேர்மையான சேகரிப்பவரும் கள்ளனாகத் தெரிவார்.

செய்து தந்தவரிடம் இன்னும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: செயலிக்குக் கையொப்பமிடும் கீஸ்ரோர் கோப்பும் அதன் கடவுச்சொல்லும். பிளே ஸ்ரோர் வழியாகப் போகாமல் ஏபிகேயாகவே பகிர்கிறீர்கள் என்றால், அந்தக் கோப்பு இல்லாமல் வேறொருவர் திருத்திய பதிப்பைப் பழையதன் மேல் ஏற்ற முடியாது. ஒவ்வொரு போனிலும் செயலியை அழித்துத் திரும்பப் போட வேண்டி வரும், அனுப்பப்படாமல் போனில் நிற்கும் பதிவுகளும் அதோடு போய்விடும். அவர் தர மறுத்தால் மிச்சக் கொடுப்பனவை நிறுத்தி வைத்துக்கொண்டு பேசுங்கள்.