பி.பி.எஃப்.பில் போடுவதை நிறுத்தியது சரியா?

கேள்வி: புது வரி முறைக்கு மாறி ரெண்டு வருஷமாச்சு. 80சி கழிவு இல்லைன்னதும் பி.பி.எஃப்.பில் போடுறதை நிறுத்திட்டேன். 2014 ஜூன்ல தொடங்கின கணக்கு, 6 லட்சம் இருக்கு. பேங்க் டெபாசிட்ல 10 லட்சம், ஈக்விட்டி ஃபண்டுல 14 லட்சம். சம்பளம் வருஷம் 18 லட்சம், பேசிக் 9 லட்சம். ஆபீஸ்ல என்.பி.எஸ். வேணுமான்னு கேட்கிறாங்க. வயசு 44. வரி போக கையில அதிகம் நிக்கணும்னா எதை எங்கே வைக்கணும்?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பி.பி.எஃப்.பை மறுபடி தொடங்குங்கள். பணம் போடும்போது கிடைத்த கழிவுதான் புது முறையில் போனது. அந்தக் கணக்கில் வளரும் வட்டிக்கும், முடிவில் எடுக்கும் தொகைக்கும் வரி இல்லை என்பது அப்படியே இருக்கிறது. என்னிடம் வருபவர்களில் பலர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கணக்கைக் கிடப்பில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

உங்கள் டெபாசிட்டையே எடுத்துக்கொள்வோம். 10 லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் வருஷ வட்டி 70,000 ரூபாய். சம்பளத்தில் நிலையான கழிவு 75,000 போக 17.25 லட்சம். அதன்மேல் இந்த வட்டி உட்காருகிறது. 2025-26 ஸ்லாப்படி 16 முதல் 20 லட்சம் வரை 20 சதவீதம், செஸ் சேர்த்து 20.8. ஆக வட்டிக்கு மட்டும் வரி 14,560 ரூபாய். மிச்சம் 55,440. நீங்கள் 7 என்று நினைக்கும் டெபாசிட் உண்மையில் தருவது ஐந்தரை சதவீதம்தான். பேங்க் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்ததோடு வரி முடிந்தது என்று எண்ண வேண்டாம். அது 7,000 ரூபாய்தான், மீதி 7,560-ஐ நீங்கள்தான் கட்ட வேண்டும். முதிர்வில் மொத்தமாக வட்டி தரும் டெபாசிட்டுக்கும் வருஷா வருஷம் வரி உண்டு, பணம் கைக்கு வராவிட்டாலும். வருமான வரித் தளத்தில் உங்கள் வருஷத் தகவல் அறிக்கையான ஏ.ஐ.எஸ்.ஸைத் திறந்தால் அந்த வட்டி அங்கே பதிவாகியிருக்கும்.

பி.பி.எஃப். வட்டி 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதத்திலேயே நிற்கிறது. உங்கள் ஸ்லாபில் இருப்பவருக்கு வரி போக 7.1 தர வேண்டுமென்றால் பேங்க் கிட்டத்தட்ட 9 சதவீதம் வட்டி கொடுக்க வேண்டும். அதனால் வரியில்லாத இடத்தில் உட்கார வேண்டியது நீங்கள் வட்டிக்குப் போட்டிருக்கும் பணம்.

ஈக்விட்டி ஃபண்டு வெளியிலேயே இருக்கட்டும். அதற்கு அங்கேயே பாதிச் சலுகை இருக்கிறது. விற்கும்வரை வரி இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் வைத்து விற்றால் வருஷத்துக்கு 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி கிடையாது, அதற்கு மேல் 12.5 சதவீதம். அப்படி விற்றதில் நஷ்டம் வந்தால் 8 வருஷம் வரை வருங்கால நீண்டகால மூலதன லாபத்தோடு ஈடுகட்டலாம். பி.பி.எஃப்.பை நிரப்ப ஃபண்டை விற்கலாமா என்று தோன்றினால் செய்யாதீர்கள். உதாரணத்துக்கு அந்த 14 லட்சத்தில் 5 லட்சம் லாபம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வருஷத்தில் எல்லாவற்றையும் விற்றால் செஸ்ஸோடு 48,750 ரூபாய் வரி போகும். அதற்குப் பதில், மார்ச் முடிவதற்குள் 1.25 லட்சம் லாபம் வரும் அளவுக்கு யூனிட்டுகளை விற்று, அதே பணத்தில் திரும்ப வாங்கினால் அந்த லாபம் வரியில்லாமல் கழிந்துவிடும். புதிதாக வாங்கிய யூனிட்டுக்கு ஒரு வருஷக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சீக்கிரம் விற்றால் பிடிக்கும் எக்ஸிட் லோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி டெபாசிட்டை நகர்த்தும் வேலை. 10 லட்சத்தில் 4 லட்சத்தைத் தொடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை வடசென்னையை மூழ்கடித்தபோது எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ், மோட்டார், வண்டி மூன்றும் ஒரே நாளில் போயின. அன்று கைகொடுத்தது போனிலேயே உடைக்க முடிந்த டெபாசிட். அந்தப் பணத்துக்குக் கொடுக்கும் வரியை நான் கணக்குப் பார்ப்பதில்லை.

மீதி 6 லட்சத்தை, டெபாசிட் முதிர முதிர, வருஷத்துக்கு 1.5 லட்சமாக நான்கு வருஷத்தில் பி.பி.எஃப்.புக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு 1.5 லட்சமும் வருஷத்துக்குச் சுமார் 2,300 ரூபாய் கூடுதலாகக் கையில் நிறுத்தும். நான்கும் சேர்ந்த பிறகு 9,300 ரூபாய்க்குக் கொஞ்சம் கூட, அதுவும் ஒவ்வொரு வருஷமும். நடுவில் உடைத்து அபராதம் கட்டினால் இந்த லாபத்தில் ஒரு பகுதி கரையும். புதுப்பிக்கும்போதே மார்ச் கடைசியில் முதிரும்படி 1.5 லட்சம் துண்டுகளாகப் போட்டுவைப்பது நல்லது.

ஏன் மார்ச் கடைசி? பி.பி.எஃப்.பில் மாதத்தின் 5-ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. ஏப்ரல் 5-க்குள் 1.5 லட்சம் போட்டால் அந்த வருஷமே 10,650 ரூபாய். 6-ஆம் தேதி போட்டால் ஒரு மாத வட்டி, சுமார் 888 ரூபாய், போய்விடும்.

அதற்கு முன் கணக்குக்கு உயிர் கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு 500 ரூபாயாவது போடாததால் அது முடங்கியிருக்கும். பழைய இருப்புக்கு வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் பணம் எடுக்கவோ கடன் வாங்கவோ முடியாது. விட்ட ஒவ்வொரு வருஷத்துக்கும் 500 ரூபாயும் 50 ரூபாய் அபராதமும் கட்டி, கிளையில் எழுதிக் கொடுத்தால் போதும். இரண்டு வருஷத்துக்கு 1,100 ரூபாய்.

உங்கள் கணக்கு பழசு என்பது ஒரு வரம். 15 வருஷம் என்பது தொடங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்து எண்ணப்படுவதால் 2030 மார்ச்சில் முதிர்கிறது. கணக்கு உயிர்பெற்றுவிட்டால், முதிர்வதற்கு முன்பேகூட வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பகுதியை எடுக்கலாம். இன்று புதுக்கணக்கு தொடங்குபவர் இந்த வசதிக்குப் பல வருஷம் காத்திருக்க வேண்டும். முதிர்ந்ததும் ஐந்து வருஷம் நீட்டிக்க ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பம் கொடுங்கள். கொடுக்காமல் பணம் போட்டால் அந்தப் பணத்துக்கு வட்டி வராது.

என்.பி.எஸ். விஷயத்துக்கு வருகிறேன். இங்கே வரி தள்ளிப்போகிறது. முதலாளி தரப்பில் பேசிக்கில் 14 சதவீதம் வரை போடுவதற்குப் புது முறையிலும் கழிவு உண்டு. உங்களுக்கு 1.26 லட்சம், இன்றைய வரியில் 26,208 ரூபாய் மிச்சம். சம்பளத்துக்குள்ளிருந்தே எடுப்பார்கள் என்றால் மாதம் கைக்கு வருவது சுமார் 8,300 ரூபாய் குறையும். முடிவில் 60 சதவீதத்தை வரியில்லாமல் எடுக்கலாம். பென்ஷனாக மாறும் பங்கில் வருவது அந்தந்த வருஷ வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு வரும். ஓய்வுக்குப் பிறகு உங்கள் ஸ்லாப் இதைவிடக் கீழே இருக்கும் என்றால் லாபம்தான். ஆனால் பொதுவாக 60 வயது வரை பூட்டு. நடுவில் எடுக்க அனுமதிப்பது உங்கள் சொந்தச் சந்தாவில் ஒரு பகுதியைத்தான், முதலாளி போட்டதைத் தொட முடியாது. இன்னும் 16 வருஷம் அந்த 8,300 இல்லாமல் வீடு ஓடும் என்றால் சேருங்கள்.

சேர்ந்தால், அந்தக் கணக்குக்குள் ஈக்விட்டியை அதிகமாக வையுங்கள். என்.பி.எஸ்.ஸுக்குள் ஈக்விட்டியிலிருந்து கடன் பத்திரத்துக்கு மாறினால் வரி கிடையாது. சந்தை ஏறி உங்கள் விகிதம் பிசகும்போது வெளியே இருக்கும் ஃபண்டை விற்காமல், உள்ளே மாற்றிச் சரிசெய்யலாம். மொத்தச் சொத்தைக் கூட்டும்போது மட்டும் என்.பி.எஸ். இருப்பை முழுத்தொகையாக எழுதாதீர்கள், அதில் ஒரு பங்குக்கு வரி இன்னும் பாக்கி.

இதே கேள்வியை 11 லட்சம் சம்பளக்காரர் கேட்டிருந்தால் பதில் வேறு. நிலையான கழிவுக்குப் பிறகு, வட்டியும் சேர்த்து வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் புது முறையில் தள்ளுபடி கிடைத்து, டெபாசிட் வட்டிக்கும் வரி பூஜ்யமாகிவிடும். அவருக்கு பி.பி.எஃப். வரிக்காகத் தேவையில்லை. ஈக்விட்டி லாபத்துக்கு மட்டும் அந்தத் தள்ளுபடி பொருந்தாது. உங்கள் வீட்டில் மனைவிக்குச் சொந்தச் சம்பாத்தியம் இருந்தால், அவர் சம்பாதித்த பணத்துக்கு இந்தக் கணக்கைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். நீங்கள் கொடுத்த பணத்தை அவர் பெயரில் டெபாசிட் செய்தால் அந்த வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேரும்.