வெறும் ஓட்டம் கூடினால் இடைவெளியைக் கூட்டலாமா?

"கல்முனையில் எங்கள் துணிக்கடையின் இணைய ஓடர்களை எடுக்கும் கிரான் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது. பெரும்பாலும் வெறுமையாகத்தான் திரும்புகிறது. 30 நிமிடமாக்கலாமா?"

வெறும் ஓட்டங்களின் மொத்த விகிதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நான்கு வாரப் பதிவை மணிவாரியாகப் பிரித்து, வாரத்துக்கு வாரம் ஒப்பிட்டுப் பாருங்கள். வெறும் ஓட்டம் மெல்ல மெல்லக் கூடினால் ஓடர் குறைகிறது என்று அர்த்தம். திடீரென்று எல்லாமே வெறுமையானால் பழுதைத் தேடுங்கள், டோக்கன் காலாவதியாகியிருக்கலாம். அந்த நிலையில் இடைவெளியைக் கூட்டினால் பழுது இன்னும் தாமதமாகத்தான் தெரியும்.

மாலை 5 முதல் இரவு 10 வரை மட்டும் ஓடர் வருகிறது, மற்ற நேரம் நான்கு வாரமும் வெறுமை என்றால் இப்படிப் பிரிக்கலாம்:

```
*/5 17-21 * * *
*/30 0-16,22-23 * * *
```

சேர்வர் இலங்கை நேரத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். அப்புறம், பகலில் தப்பித்தவறி வரும் ஓடர் 30 நிமிடம் வரை காத்திருக்கும்; அது சரியா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.