பனடோல் தனிக் கம்பனியானபோது பங்குகளுக்கு என்ன நடந்தது? கேள்வி பதில்

களுவாஞ்சிக்குடி வாசகர்: லண்டனில் உள்ள அண்ணாவிடம் மருந்துக் கம்பனியான ஜீ.எஸ்.கே.யின் பங்குகள் 103 இருந்தன. 2022 ஆடிக்குப் பிறகு 82தான் காட்டுகிறது. மிச்சம் எங்கே?

அதே கணக்கில் ஹேலியன் என்ற பெயரில் 103 பங்குகள் வந்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஜீ.எஸ்.கே.யிலிருந்து பனடோல், சென்சோடைன் பற்பசை போன்றவற்றை விற்கும் பகுதியைப் பிரித்து, 2022 ஜூலை 18 அன்று லண்டன் பங்குச் சந்தையில் தனிக் கம்பனியாகப் பட்டியலிட்டார்கள். அப்போது ஒரு ஜீ.எஸ்.கே. பங்குக்கு ஒரு ஹேலியன் பங்கு கொடுக்கப்பட்டது. ஒரு பெரிய பகுதி வெளியேறினால் தாய்க் கம்பனியின் பங்கு விலை அந்த அளவுக்கு இறங்கும் என்பதால், முந்தைய விலையோடும் பங்கொன்றுக்கான இலாபத்தோடும் ஒப்பிடக்கூடியதாக இருக்க, மறுநாளே 5 பழைய பங்குகளை 4 புதிய பங்குகளாக ஒருங்கிணைத்தார்கள். 103ஐ அந்த விகிதத்தில் கணக்கிட்டால் 82.4 வரும், அந்த 0.4 போன்ற துண்டுகளை வழமையாக ஒன்றுசேர்த்து விற்றுப் பணமாகத் தருவார்கள். எண்ணிக்கை குறைந்ததே தவிர, கம்பனியில் அண்ணாவின் வீதம் குறையவில்லை.

அக்கரைப்பற்று வாசகர்: ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்றால் கையிலுள்ள பெறுமதி இரட்டிப்பாகும்தானே?

இரண்டு பங்குகள் கைக்கு வருகின்றன என்பது சரி, இலவசம் என்பதுதான் பிழை. ஹேலியன் முதல் நாள் 330 பென்ஸில் தொடங்கியது. அந்தப் பெறுமதி அதுவரை ஜீ.எஸ்.கே. பங்கின் விலைக்குள்ளேயே இருந்தது. ஆகவே வாங்கிய விலையையும் பிரித்தெழுத வேண்டும். ஒருவர் முன்பு 1,500 பவுணுக்கு வாங்கியிருந்து, பிரிந்த நாளின் சந்தைப் பெறுமதி 4க்கு 1 என்ற விகிதத்தில் இருந்ததாக வைத்துக்கொண்டால், ஜீ.எஸ்.கே.க்கு 1,200, ஹேலியனுக்கு 300 என்று பதிய வேண்டும். ஹேலியனுக்குப் பூச்சியம் என்று எழுதினால், அதை விற்கும்போது கிடைக்கும் தொகை முழுவதும் இலாபமாகத் தோன்றும், ஜீ.எஸ்.கே.யோ இல்லாத நட்டத்தைக் காட்டும். தரகு நிலையமொன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாடிக்கையாளரின் ஏட்டில் நானே அப்படி எழுதி, வருட முடிவில் திருத்த வேண்டியதாயிற்று.

மட்டக்களப்பு வாசகர்: என் கொழும்புப் பங்கும் ஒன்று இரண்டாகப் பிரிந்தது. மற்றக் கம்பனியின் பங்கு, பங்குகளைப் பதிந்து வைக்கும் என் சீ.டி.எஸ். கணக்கில் இன்னும் வரவில்லை.

வராது, ஐயா. உங்களுக்கு நடந்தது பங்கு உடைப்பு. அதில் கம்பனி ஒன்றேதான். கணக்குக் கூற்றில் அதே பெயருக்கு எதிரே எண்ணிக்கை இரட்டித்திருந்தால் கணக்கு நேராகிவிட்டது.

கல்முனை வாசகர்: ஒரு கம்பனி இப்படிப் பிரிவதற்கு முந்தைய கடைசி நாளில் விற்றவருக்குப் புதிய பங்கு வருமா?

பதிவேட்டில் விற்றவரின் பெயர் இன்னும் இருந்தால் அவர் கணக்குக்கே வரக்கூடும், ஆனால் அது அவருடையதாகாது. புதிய பங்குக்கான உரிமையோடு சேர்த்து வாங்கியவரின் தரகர் அதைக் கோரிப் பெறுவார். வாங்கியவர் இரண்டு வாரத்திலும் எதையும் காணாவிட்டால், கம்பனிக்கு எழுதுவதை விட்டு, கொள்வனவுக் குறிப்போடு தரகரையே பிடிக்க வேண்டும்.

அதே வாசகர்: அப்படியானால் வந்ததை விற்பதா, வைப்பதா?

மருந்துக் கம்பனிக்காக வாங்கியவர்கள் பற்பசைக் கம்பனியை உடனே விற்பதால் தொடக்கத்தில் விலை அழுத்தப்படலாம் என்பது என் எண்ணம். என் பழைய சக ஊழியர் இதை இன்னும் ஏற்கவில்லை.