ஃபில்டரை எப்போது மாற்றுவது: கேண்டில், கார்பன், மெம்பிரேன்

கேள்வி: டாக்டர், ஈசூனில் வீவக வீட்டில் இருக்கிறோம். மகனுக்கு 5 மாதம், புட்டிப்பால்தான். சமையலறைக் குழாயில் கார்பன் ஃபில்டர் இருக்கிறது. உறையில் 1,500 லிட்டர் அல்லது 6 மாதம் என்று போட்டிருக்கிறது, நாங்கள் மாற்றி ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. ஊரிலிருந்து வந்த மாமனார் எவர்சில்வர் கேண்டில் ஃபில்டர் கொண்டுவந்து, இதுதான் நல்லது என்கிறார். வீட்டுக்கு வந்த விற்பனையாளர் ஒருவர் டிடிஎஸ் மீட்டரில் 110 காட்டினார், கம்பி விட்டுத் தண்ணீரைப் பழுப்பாக்கியும் காட்டி, ஆர்ஓ வாங்கச் சொன்னார். குழந்தைக்கு எது சரி?
— ஒரு வாசகி

பதில்: முதலில் அந்தப் பழைய கார்பனைக் கழற்றிவிடுங்கள். புதிது வாங்கும் வரை ஃபில்டர் இல்லாமலேயே குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தலாம். பொதுப் பயனீட்டுக் கழகம் தரும் தண்ணீர் உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டுதலுக்குள் வருவது. பெரியவர்கள் குழாயிலிருந்து அப்படியே குடிக்கலாம். உங்கள் வீட்டில் இப்போது கவலைப்பட வேண்டியது குழாயில் வரும் தண்ணீரைப் பற்றி அல்ல, காலம் கடந்த அந்த ஃபில்டரைப் பற்றித்தான்.

ஏன் என்று சொல்கிறேன். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கிளம்பும் தண்ணீர் உங்கள் வீட்டுக்கு வரும்வரை கிருமி வளராமல் இருக்க அதில் குளோரமைன் சேர்க்கிறார்கள். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது அது. வெறும் குளோரினைவிட வீரியம் குறைவு, ஆனால் நீண்ட குழாய்களிலும் மாடித் தொட்டியிலும் நெடுநேரம் தாங்கி நிற்கும். நம் ஊர் வெயிலுக்கு அது தேவை. அந்த அளவில் குடிப்பவருக்குத் தீங்கு இல்லை. சிலருக்கு லேசான மருந்து வாடை தெரியும், அவ்வளவுதான்.

கார்பன் செய்யும் முக்கிய வேலை இந்த வாடையை எடுப்பது. தூண்டப்பட்ட கரியின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள். குளோரின், மண்வாடை தரும் பொருள்கள், சில கரிம வேதிப்பொருள்கள் எல்லாம் அந்தத் துளைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் அல்லது வேறொன்றாக மாறும். குளோரின் சட்டென்று போய்விடும். குளோரமைன் அப்படி இல்லை, கரியோடு கூடுதல் நேரம் உறவாட வேண்டும். அதனால் குழாயை முழுதாகத் திறந்து வேகமாகப் பிடித்தால், குழாய் முனையில் மாட்டும் சின்ன ஃபில்டர் பாதி வேலைதான் செய்யும். உப்பு, சுண்ணாம்பு, நைட்ரேட் இவற்றைக் கார்பன் தொடுவதே இல்லை. பாக்டீரியாவையும் நம்பிக்கையாகத் தடுக்காது.

இப்போது சிக்கலைப் பாருங்கள். கார்பன் வழியாக வந்த தண்ணீரில் குளோரமைன் என்ற காவல் இல்லை. கரியோ, ஒட்டிக்கொண்ட கரிமப் பொருளோடு, ஈரமாக, ஏறத்தாழ 30 டிகிரி வெப்பத்தில் நாள் முழுக்கக் கிடக்கிறது. தண்ணீரில் இயல்பாகவே இருக்கும் பாக்டீரியா அங்கே குடியேறிப் பெருகும். நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கு இவை பெரும்பாலும் எதுவும் செய்வதில்லை. கைக்குழந்தை, கீமோதெரபி எடுப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர் என்றால் நான் அப்படிச் சாதாரணமாக விடமாட்டேன்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் ஒரு நாளைக்கு 10 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். 1,500 லிட்டர் 150 நாளில், அதாவது 5 மாதத்தில் தீர்ந்துவிடும். அரிசி களைவது, கீரை அலசுவது எல்லாம் அதே குழாயில் என்றால் நாளுக்கு 25 லிட்டர்கூட ஆகும். அப்போது 2 மாதம்தான். ஒன்றரை வருடத்தில் 5,000 லிட்டருக்கு மேல் ஓடியிருக்கும். லிட்டர், மாதம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. யாருமே பயன்படுத்தாமல் இருந்தாலும் 6 மாதத்தில் மாற்றத்தான் வேண்டும், ஏனென்றால் கிருமி லிட்டர் கணக்குப் பார்ப்பதில்லை.

கார்பன் தீர்ந்தது என்று அதுவாகச் சொல்லாது. தண்ணீர் தெளிவாகவே வரும், வேகமும் குறையாது. சில ஃபில்டரில் சிவப்பு விளக்கு எரியும். பலவற்றில் அது வெறும் நாள்காட்டி மாதிரி, மாதத்தை எண்ணுகிறதே தவிரத் தண்ணீரைச் சோதிப்பதில்லை. நீங்களே பார்க்க வேண்டுமென்றால் வளர்ப்பு மீன் கடையில் கிடைக்கும் குளோரின் சோதனைப் பட்டையை வாங்குங்கள். 'மொத்தக் குளோரின்' காட்டுவதாக இருக்க வேண்டும். 'தனிக் குளோரின்' மட்டும் காட்டும் பட்டை குளோரமைனைப் பிடிக்காது, புதுக் கார்பனுக்கும் பழையதற்கும் ஒரே பதில்தான் சொல்லும். ஃபில்டருக்கு முன் நிறம் மாறி, பின் மாறவில்லை என்றால் கார்பன் வேலை செய்கிறது. இரண்டு பக்கமும் ஒரே நிறம் என்றால் முடிந்தது.

டிடிஎஸ் மீட்டர் இதற்கு உதவாது. அது மின்கடத்துதிறனை அளந்து, கரைந்த உப்பு எவ்வளவு என்று ஊகிக்கும் கருவி. கிருமி, குளோரமைன் எதையும் அது பார்ப்பதில்லை. 110 என்பது நோயைக் காட்டும் எண் அல்ல. கால்சியம், மக்னீசியம், சோடியம் போன்றவை கரைந்திருக்கின்றன, அவ்வளவுதான். அந்தப் பழுப்பு வித்தையும் அப்படியே. கம்பி இரும்பு. உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும், இரும்பு கரைந்து துருவாகும். ஆர்ஓ தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாததால் அது தெளிவாக நிற்கும். அடுத்த முறை வந்தால் ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போடச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். விற்பனையாளர் முகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மாமனாரின் கேண்டில். அதில் தப்பே இல்லை, ஆனால் அதற்கு வேறு வேலை. சுட்ட களிமண்ணின் நுண்துளைகள் துரு, சேறு, பெரும்பாலான பாக்டீரியா, ஜியார்டியா மாதிரியான ஒட்டுண்ணிகளின் கூடுகள் இவற்றைத் தடுக்கும். வைரஸ் மிகச் சிறியது, நம்பி விட முடியாது. கரைந்த எதையும் அது எடுக்காது. அவர் ஊரில் கிணற்றுத் தண்ணீருக்கு அது நல்ல காவல். அங்கும் கைக்குழந்தைக்குக் கொதிக்க வைத்துத்தான் தர வேண்டும். இங்கே புளோக்கில் தண்ணீர்த் தொட்டி கழுவிய மறுநாளோ குழாய் வேலை நடந்த பின்னோ துரு கலங்கி வந்தால் கேண்டில் அதைப் பிடித்துக்கொள்ளும்.

அந்தக் கேண்டிலைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே மணல் உருள்வது போலச் சத்தம் வந்தால் அதற்குள்ளும் கார்பன் இருக்கிறது. அப்போது வெளியே எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் உள்ளே இருக்கும் கரி புதிதாகாது. தயாரிப்பாளர் சொன்ன காலம்தான், வழக்கமாக 6 மாதம். சத்தம் வராததை மட்டும் வைத்துக் கார்பன் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள், கட்டியாக அழுத்திய கார்பன் உருளாது, பெட்டியைப் படித்துவிடுங்கள். வெறும் களிமண் என்றால் ஓட்டம் குறையும்போது ஓடும் தண்ணீரில் மென்மையான பிரஷால் தேயுங்கள். சோப்பு வேண்டாம், துளைக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். கேண்டிலோடு ஒரு வளைய அளவுகோல் வந்திருந்தால், அது கேண்டில் மேல் தளர்வாக நுழையும் அளவுக்குத் தேய்ந்ததும் தூக்கிப் போடுங்கள். விரிசல் சந்தேகம் என்றால், நனைந்த கேண்டிலைத் தண்ணீரில் அமிழ்த்தி, அடித்தண்டு வழியாக மெல்ல ஊதுங்கள். ஒரே இடத்திலிருந்து குமிழி வரிசையாக வந்தால் அங்கே விரிசல். அடியில் உள்ள ரப்பர் வாஷர் காய்ந்திருந்தாலும் தண்ணீர் கேண்டிலைச் சுற்றி இறங்கிவிடும், பிறகு கேண்டில் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கீழ்ப் பாத்திரத்தையும் மறக்காதீர்கள். கார்பன் உள்ள கேண்டில் என்றால் அங்கே இறங்குவதும் காவலில்லாத தண்ணீர்தான். பித்தளைக் குழாய்க்குள் விரலைவிட்டுப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் அது கிருமிப் படலம். வாரம் ஒருமுறை பாத்திரத்தையும் குழாயையும் பிரஷ் போட்டுக் கழுவிக் காயவிடுங்கள்.

மெம்பிரேனில் இரண்டு வகை உண்டு, கடையில் இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். நுண்குழல் வகை, அதாவது யூஎஃப், பாக்டீரியாவையும் ஒட்டுண்ணியையும் நன்றாகவே தடுக்கும், வைரஸிலும் பெரும்பகுதி நிற்கும். உப்பு அப்படியே வரும். அது அடைபட்டால் ஓட்டம் குறையும். அதுவரை மெதுவாக வந்தது திடீரென்று வேகமாக வந்தால் மகிழ வேண்டாம், உள்ளே குழல் அறுந்திருக்கலாம்; உடனே மாற்றுங்கள். ஆர்ஓ இன்னும் நெருக்கமானது. உப்பு, ஈயம், நைட்ரேட், ஃபுளோரைடு எல்லாவற்றையும் பெரும்பாலும் வெளியேற்றும். கூடவே தண்ணீரையும் கணிசமாக வடிகாலில் விடும். இங்குள்ள குழாய்த் தண்ணீருக்கு ஆர்ஓ போட மருத்துவக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சிங்கப்பூர்த் தண்ணீரில் 1950களிலிருந்து பல் நலத்துக்காகச் சேர்க்கப்படும் ஃபுளோரைடையும் அது எடுத்துவிடும்.

ஏற்கெனவே ஆர்ஓ வைத்திருப்பவர்களுக்கு டிடிஎஸ் மீட்டர் உண்மையிலேயே பயன்படும். உள்ளே 110, வெளியே 8 என்றால் 93 சதவீதம் வடிகட்டுகிறது. வெளியே 22 ஆனால் 80 சதவீதம். மெம்பிரேன் மாற்ற வேண்டிய நேரம். பொதுவாக 2, 3 வருடம் தாங்கும், அதற்கு முன்னால் உள்ள கார்பனைத் தவறாமல் மாற்றினால். கார்பன் தீர்ந்தால் குளோரமைன் நாளடைவில் மெம்பிரேனையும் அரித்துவிடும்.

இனி குழந்தையின் பால். ஃபில்டர் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, தளதளவென்று கொதிக்க வையுங்கள், 30 நிமிடத்துக்கு மேல் ஆறவிடாமல், 70 டிகிரிக்குக் குறையாதபோதே பால்மாவைக் கலக்குங்கள். மாவே கிருமி நீக்கியது அல்ல என்பதால்தான் இந்தச் சூடு. கலந்த பாலை 2 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது அடுத்த இடத்தில்: குழந்தை அழுகிறதே என்று, சூடான புட்டியில் ஃபில்டரிலிருந்து நேராகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றி ஆற்றுவார்கள். கொதிக்க வைத்த பயன் அதோடு போயிற்று. புட்டியை மூடிக் குழாயடியில் வெளிப்புறமாகக் காட்டியோ குளிர்ந்த நீர்க் கிண்ணத்தில் நிறுத்தியோ ஆற்றுங்கள். கொடுக்கும் முன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஜூன், டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போய்வருகிறீர்கள் என்றால், போகும் முன் கேண்டில் பாத்திரத்தைக் காலி செய்து காயவைத்துவிடுங்கள். திரும்பியதும் கார்பன் ஃபில்டரில் தேங்கி நின்ற தண்ணீரைச் சில நிமிடம் ஓடவிட்டு வெளியேற்றுங்கள்; அதைச் செடிக்கு ஊற்றலாம். மூன்று, நான்கு வாரம் பூட்டிக் கிடந்தது, கெடுவும் நெருங்கிவிட்டது என்றால், புது கார்ட்ரிட்ஜே போட்டுவிடுங்கள்.